உதவி: காலைத் தூக்கி ஆடும் குட்டிப் பெண், எதைப் போட்டாலும் போஸ் நிற்கவில்லை

காகிதப்பூ
அவசரம். சிறுவர் படக்கதை ஒன்றுக்கு ஒரு பக்கம் பாக்கி. குட்டிப் பெண், பெரிய தலை, நடராசர் மாதிரி ஒரு காலைக் குறுக்கே தூக்கி நிற்கிறாள். பென்சிலில் வரைந்துவிட்டேன். அதை ஸ்டேபிள் டிஃப்யூஷனில் வாட்டர்கலர் பாணிக்கு மாற்றுகிறேன், போஸ் மாறாமல் பிடித்து வைக்கக் கன்ட்ரோல்நெட் போடுகிறேன். ஓப்பன்போஸ் போட்டால் பெண் வளர்ந்து கல்லூரிக்குப் போகும் வயதாகிவிடுகிறாள். டெப்த் போட்டால் அட்டையில் வெட்டிய பொம்மை. ஸ்கிரிபிளில் தூக்கிய காலும் கையும் ஒட்டிக்கொள்கின்றன. மூன்றில் எது சரி? சீக்கிரம் சொல்லுங்கள்.

தூரிகை47
எந்த செக்பாயிண்ட்? 1.5-ஆ, எக்ஸ்எல்-ஆ? ப்ரீப்ராசசர் என்ன வைத்தீர்கள்? வெயிட் எவ்வளவு? படத்தையும் போடவில்லை. காற்றில் கம்பு சுற்றச் சொல்கிறீர்களே.

ரெண்டர்_முரளி
யோசிக்கவே வேண்டாம், டெப்த்தான். நான் ஒரு வருடமாக வேறு எதையும் தொடுவதில்லை. ஓப்பன்போஸ் எடுக்கும் எலும்புக்கூட்டில் உடம்பே இல்லை, வெறும் குச்சி. டெப்தில் முழு உருவமும் இருக்கிறது. வெயிட் 1, முதலிலிருந்து கடைசி வரை. முடிந்தது கதை.

பழைய_பெருச்சாளி
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ப்ரீப்ராசசர் என்ன என்பதையே சொல்லாமல் "எது சரி" என்று கேட்பவருக்கு எதைச் சொன்னாலும் ஒன்றுதான்.

நிலாமுகில்
எனக்கும் இதே பிரச்சினை! ஒவ்வொரு பக்கத்திலும் என் கதாநாயகனின் முகம் மாறிவிடுகிறது. லோரா பயிற்சி கொடுத்தால் சரியாகுமா?

தூரிகை47
@நிலாமுகில் உங்களுடையது முகம் மாறுவது, இங்கே பேசுவது உடம்பு நிற்கும் விதம். தனி இழை போடுங்கள், வந்து பார்க்கிறேன்.

காகிதப்பூ
மன்னிக்கவும். 1.5 செக்பாயிண்ட். படம் 512க்கு 768. வெயிட் எல்லாவற்றிலும் 1. ப்ரீப்ராசசர் ஓப்பன்போஸுக்கு `openpose_full`, டெப்துக்கு `depth_midas`, ஸ்கிரிபிளுக்கு `none`. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுதானே, அதனால் வேறு எதுவும் தேவையில்லை என்று விட்டேன். தலை, உடம்பு எல்லாம் சேர்த்து இரண்டரைத் தலை உயரம். பாவாடை சட்டை. படம் இணைத்திருக்கிறேன்.

களிமண்
படம் பார்த்தேன், நன்றாக வரைந்திருக்கிறீர்கள். மூன்றில் எது சரி என்பதை விட, உங்கள் படத்திலிருந்து ஒவ்வொன்றும் எதை எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

முதலில் ஓப்பன்போஸ். அதன் உடம்புக்கு 18 புள்ளிகள். அவற்றில் தலைக்கு ஐந்துதான்: மூக்கு, இரண்டு கண், இரண்டு காது. உச்சந்தலைக்குப் புள்ளி கிடையாது. அதனால் "தலை இவ்வளவு பெரிது" என்பது எலும்புக்கூட்டில் எழுதப்படவே இல்லை. காதுக்கும் காதுக்கும் உள்ள தூரத்தை வைத்து மாடல் தானாக ஊகிக்கிறது. அது பெரும்பாலும் பார்த்துப் பழகியது நிஜ மனிதர்களை, எனவே தலையைச் சிறிதாக்கிவிட்டு மிச்ச இடத்தில் கழுத்தையும் காலையும் நீட்டிவிடுகிறது. உங்கள் பெண் கல்லூரிக்குப் போவது இதனால்தான். `openpose_full` முகப் புள்ளிகளையும் சேர்த்துத் தேடும், ஆனால் கார்ட்டூன் கண்ணில் அது தடுமாறும். அப்படியே கிடைத்தாலும் அதிலும் தாடையும் கண்ணும் வாயும்தான், மண்டை கிடையாது.

ப்ரீப்ராசசர் எடுத்துத் தந்த எலும்புக்கூட்டுப் படத்தையும் போடுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

காகிதப்பூ
இதோ. ஒரு முழங்கால் இல்லவே இல்லை, இப்போதுதான் கவனிக்கிறேன்.

களிமண்
அதுதான். பாவாடைக்குள் முழங்கால் மறைந்துவிட்டது. அதோடு நிறத்தைப் பாருங்கள். எலும்புக்கூட்டில் இடது கால் நீலம், வலது கால் பச்சை. உங்கள் படத்தில் பெண் தூக்கியிருப்பது இடது கால். எலும்புக்கூட்டில் தூக்கிய கால் பச்சையாக இருக்கிறது, அதாவது இடம் வலம் மாறிவிட்டது. இடுப்பு முறுக்கிக்கொண்டு, சில சீடில் முதுகைக் காட்டி நிற்கிறாளா?

காகிதப்பூ
ஆமாம்!! நாலில் ஒன்று முதுகைக் காட்டுகிறது. சீட் சரியில்லை என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருந்தேன்.

சலங்கை
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் நாட்டியம் சொல்லிக்கொடுப்பவள், கம்ப்யூட்டர் தெரியாது. தூக்கிய திருவடி இடது கால்தான், குஞ்சிதபாதம். வலது கால் ஊன்றியிருக்கும். இடது முன்கை யானைத் துதிக்கை மாதிரி மார்புக்குக் குறுக்கே வந்து அந்தப் பாதத்தைக் காட்டும். படத்தில் கை சரியாக இருக்கிறது. இந்தக் கணினி மாற்றிப் போட்டால் அது நடராசரே இல்லை.

வைகைக்கரை
அப்படிச் சொல்லிவிட முடியாதே டீச்சர். மதுரை வெள்ளியம்பலத்தில் வலது காலைத்தான் தூக்கி ஆடுகிறார். கால் மாறி ஆடியவர். பாண்டியன் கேட்டுக்கொண்டான் என்று கதை.

சலங்கை
மதுரை விதிவிலக்கு, அதனால்தானே அதற்கென்று தனிக் கதை இருக்கிறது. சிறுவர் புத்தகத்தில் விதிவிலக்கைப் போட்டு ஏன் குழப்ப வேண்டும்?

வைகைக்கரை
மதுரைப் பிள்ளைகளுக்கு அதுதானே விதி. அவர்கள் புத்தகம் படிக்க மாட்டார்களா?

பழைய_பெருச்சாளி
ஆன்மிக மலர் பகுதிக்கு மாற்றலாமா இந்த இழையை?

ரெண்டர்_முரளி
இதற்குத்தான் சொன்னேன் டெப்த் போடுங்கள் என்று. டெப்துக்கு இடது வலது என்ற பேச்சே கிடையாது.

களிமண்
முரளி சார், பாதி சரி. எது முன்னால் எது பின்னால் என்று நேரடியாகச் சொல்வது டெப்த் ஒன்றுதான். கை மார்புக்கு முன்னால் போகிறது, கால் மற்றக் காலுக்கு முன்னால் வருகிறது என்பதைக் குச்சிக்கூடு சொல்லாது. ஆனால் அந்த டெப்த் எங்கிருந்து வருகிறது? நிஜப் புகைப்படம் என்றால் மிடாஸ் நன்றாக ஊகிக்கும். இவர் கொடுப்பது தட்டையான பென்சில் படம். அதில் நிழல் இல்லை, வெளிச்சம் இல்லை. அது உருவம் முழுவதையும் ஒரே தூரமாக எடுத்துக்கொண்டு பின்னணியிலிருந்து மட்டும் பிரித்திருக்கும். அட்டைப் பொம்மை வந்த காரணம் அது. காகிதப்பூ, டெப்த் படத்தைத் திறந்து பாருங்கள். அருகில் இருப்பது வெளுத்தும் தள்ளி இருப்பது கறுத்தும் வர வேண்டும். தூக்கிய கால் ஊன்றிய காலைவிட வெளுப்பாக இருக்கிறதா?

காகிதப்பூ
இல்லை. எல்லாம் ஒரே சாம்பல்.

ரெண்டர்_முரளி
நான் எப்போதும் பிளெண்டரில் பொம்மையை நிறுத்தி அங்கிருந்துதான் டெப்த் எடுப்பேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

தூரிகை47
அது கொஞ்சம் முக்கியமான விஷயம் சார்.

களிமண்
அப்படி எடுத்தாலும் வெயிட் 1, கடைசி வரை என்பது எனக்கு ஒத்துவரவில்லை. டெப்தில் உருவத்தின் வெளி விளிம்பும் சேர்ந்தே போகும். மொட்டைப் பொம்மையின் டெப்தைக் கடைசிப் படி வரை பிடித்து வைத்தால் பாவாடை விரியவே விரியாது, காலோடு ஒட்டிய பேன்ட் ஆகிவிடும். நான் 0.5 வெயிட்டில் பாதிப் படிகளோடு விட்டுவிடுவேன்.

இனி ஸ்கிரிபிள். உங்கள் வேலைக்கு என் ஓட்டு இதற்குத்தான். தலை எவ்வளவு பெரிது, கை எவ்வளவு குட்டை எல்லாம் கோட்டிலேயே இருக்கிறது. இரண்டரைத் தலைப் பெண்ணுக்கு அந்த அளவுகளும் போஸில் சேர்த்திதான். அது போனால் முழங்கால் சரியான இடத்தில் இருந்தும் போஸ் போய்விடும். ஆனால் இரண்டு தவறு நடந்திருக்கிறது.

ஒன்று, ஸ்கிரிபிள் மாடல் எதிர்பார்ப்பது கறுப்பில் வெள்ளைக் கோடு. நீங்கள் `none` வைத்ததால் தாளின் வெள்ளை முழுவதையும் கோடாகப் பார்த்திருக்கிறது. திருப்பிப் போட வேண்டும்.

இரண்டு, உங்கள் பென்சில் படத்தில் கை போகும் இடத்தில் பின்னால் இருக்கும் மார்புக் கோடும் தெரிகிறது. கால் குறுக்கே போகும் இடத்திலும் பாவாடையின் விளிம்பு அடியில் தொடர்ந்து ஓடுகிறது. வரையும்போது எல்லோரும் அப்படித்தான் போடுவோம். நம் கண்ணுக்குப் புரியும். மாடலுக்கு இரண்டு கோடும் சிலுவையாக வெட்டிக்கொண்டால் எது மேலே என்று தெரியாது, இரண்டையும் ஒட்டிவிடும். பின்னால் இருக்கும் கோட்டை அழியுங்கள். பின்கோடு முன்கோட்டில் வந்து முட்டி நிற்க வேண்டும், தாண்டக் கூடாது. விரல்களையும் முகத்தையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அரைகுறை விரல் வரைந்தால் அரைகுறை விரல்தான் வரும்.

```
Preprocessor: invert (from white bg & black line)
Model: control_v11p_sd15_scribble
Control Weight: 0.8
Ending Control Step: 0.7
```

கடைசி முப்பது சதவீதப் படிகளை விட்டுவிட்டால் நிறம் பென்சில் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கசியும். வாட்டர்கலருக்கு அதுதானே வேண்டும். ஒப்பிடும்போது ஒரே சீட், ஒரே ப்ராம்ப்ட், ஒரு நேரத்தில் ஒரு கன்ட்ரோல் மட்டும். நாலு சீடிலாவது பாருங்கள். ஒரு படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

தூரிகை47
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். Resize Mode எதில் இருக்கிறது? `Crop and Resize` இருந்து, தாளின் விகிதம் 512க்கு 768-ஓடு ஒத்துப்போகவில்லை என்றால் ஓரத்தில் நீட்டிய பாதம் வெட்டுப்பட்டுவிடும். எனக்கு ஒருமுறை பாதம் போய், மாடல் முழங்காலிலேயே காலை முடித்துவிட்டது. `Resize and Fill` வைத்துப் பாருங்கள்.

மைத்துளி
எலும்புக்கூட்டை இவ்வளவு திட்டாதீர்கள். நானும் பெரிய தலைப் பாத்திரங்கள்தான் செய்கிறேன். அந்தப் பாணிக்கென்றே பயிற்சி பெற்ற செக்பாயிண்ட் போட்டு, எடிட்டரில் காதுப் புள்ளிகளை அகலமாக இழுத்து, தோளைக் குறுக்கி, காலைக் குட்டையாக்கினால் வருகிறது. வெயிட் 0.7. இருபது வித்தியாசமான போஸ் வேண்டும் என்றால் இருபது படம் வரைந்துகொண்டிருக்க முடியுமா?

களிமண்
நேராக நிற்கும் போஸுக்கு எனக்கும் வந்திருக்கிறது. கால் குறுக்கே வரும்போதுதான் கைவிடுகிறது. உங்களிடம் அப்படி ஒரு படம் இருந்தால் போடுங்கள், கற்றுக்கொள்கிறேன்.

மைத்துளி
தேடிப் போடுகிறேன்.

பழைய_பெருச்சாளி
ஸ்கிரிபிளுக்குத் திருப்பிப் போட வேண்டும் என்பதை நான் எத்தனையோ முறை இங்கே எழுதியிருக்கிறேன்.

தூரிகை47
இந்த இழையில் எழுதவில்லையே அண்ணா.

காகிதப்பூ
பின்கோடுகளை அழித்தேன், திருப்பிப் போட்டேன். நாலில் மூன்றில் கால் தனியாக, முன்னால் நிற்கிறது. தலையும் என் தலை. ஒன்றில் மட்டும் கை இன்னும் மார்போடு ஒட்டுகிறது. டெப்தும் சேர்க்கட்டுமா? பிளெண்டர் தெரியாது.

களிமண்
பிளெண்டர் வேண்டாம். களிமண்ணிலோ சப்பாத்தி மாவிலோ அதே அளவில் ஒரு பொம்மை பிடித்து, பல்குச்சி செருகிக் கையையும் காலையும் நிறுத்துங்கள். ஜன்னல் பக்க வெளிச்சத்தில் போனில் ஒரு படம். அது நிஜப் பொருள், மிடாஸுக்குப் புரியும். பொம்மையும் உங்கள் கோடும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு இரண்டாவது யூனிட்டில் 0.3 வெயிட். பொருந்தாவிட்டால் இரண்டு கை வரும், எச்சரிக்கை. மூன்று படம் சரி என்றால் நான் டெப்த் பக்கமே போக மாட்டேன், இன்னும் நாலு சீட் போட்டுப் பார்ப்பேன்.

சலங்கை
எந்தக் கால் வந்திருக்கிறது?

காகிதப்பூ
இடது கால்தான் டீச்சர். பக்கம் அனுப்பிவிட்டேன். வலது கையில் ஆறு விரல் இருந்தது, பிரஷ்ஷால் ஒன்றை மூடினேன். எல்லோருக்கும் நன்றி, தூங்கப் போகிறேன்.

வைகைக்கரை
அடுத்த பதிப்பில் மதுரைக்காகவும் ஒரு பக்கம் போடுங்கள்.

நிலாமுகில்
தனி இழை போட்டிருக்கிறேன், யாரும் வரவில்லையே?