பம்ப் ஷாஃப்ட்: வெளியில் வாங்குவதா, நாமே கடைவதா?

கோவையில் சின்ன பம்ப் கம்பெனி. மாதம் 800 ஷாஃப்ட், ஒன்று 185 ரூபாய்க்கு வாங்குகிறோம். எங்கள் சிஎன்சி லேத் இரவு ஷிஃப்டில் சும்மாதான் நிற்கிறது. நாமே கடைந்தால் கம்பி, டூல், கரண்ட் எல்லாம் சேர்த்து 120 ரூபாய். மிச்சம் 52,000. புது ஆபரேட்டர் சம்பளம் 24,000 போனாலும் 28,000 நிற்கும்.

கணக்காளரோ வாடகை, மெஷின் தவணையில் ஷாஃப்டுக்கு 50 ரூபாய் ஏற்றி, 12,000 நஷ்டம் என்கிறார். கடைந்தாலும் கடையாவிட்டாலும் அதைக் கட்டத்தானே போகிறோம்? சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி.

எனக்குப் பயம் வேறு. ஆர்டர் 370-க்குக் கீழே இறங்கினால் ஆபரேட்டர் சம்பளமே தேறாது. பேரிங் உட்காரும் இடத்தில் அளவு தப்பினால் கம்பியும் வீண். ஷாஃப்ட் கடைபவர்களே, ஆரம்ப மாதங்களில் ரிஜெக்‌ஷன் எத்தனை சதவீதம் வைக்கலாம்? பாதியை மட்டும் வெளியில் கொடுத்தால் சப்ளையர் அதே விலைக்குத் தருவாரா?