உதவி: 'te amo'வுக்குப் பதிலா 'tqm' வருது. தமிழ் சப்டைட்டில்ல என்ன போடலாம்?

நள்ளிரவு_வசனம்: மெக்சிகோ தொடர் ஒண்ணுக்கு ஸ்பானிஷ்ல இருந்து நேரடியா தமிழ் சப்டைட்டில் எழுதறேன். பையன் போன்ல "Te amo" அனுப்பறான். அவ "tqm"னு மட்டும் பதில் போடறா. அவன் முகம் வாடிடுது. நண்பன்கிட்ட போய் "Tres letras"னு, மூணே எழுத்துன்னு புலம்பறான். இப்போ வரைவுல "ஐ லவ் யூ", "லவ் யூ டூ"ன்னு இருக்கு. இதைப் படிச்சா அவன் ஏன் வாடறான்னே புரியாது. ஷாட் ரெண்டு நொடிதான்.

கீச்சுக்குரல்: tqm-ன்னா te quiero mucho. mucho-ன்னா 'ரொம்ப'. அப்போ te amo-வை விடப் பெருசுதானே? "லவ் யூ சோ மச்" போடுங்க.

பழைய_அகராதி: விரிவு சரி, எடைதான் தலைகீழ். te quiero காதலர்களும் சொல்வாங்க. தோழிக்கும் தம்பிக்கும் கூடச் சொல்வாங்க. mucho சேர்ந்தா பாசம் கூடும், காதல் கூடாது. சில நேரம் அது 'நல்ல ஃப்ரெண்ட்' பக்கமே இழுத்துட்டுப் போயிடும். அவளா முதல்ல tqm அனுப்பியிருந்தா அவன் சந்தோஷப்பட்டிருப்பான். te amo-வுக்குப் பதிலா வந்ததாலதான் ஒரு படி இறங்கின மாதிரி வலிக்குது. தமிழ்லயும் அந்தப் படி தெரியணும். அவ வேற யாருக்காவது tqm அனுப்பறாளா?

நள்ளிரவு_வசனம்: ஆமா, ரெண்டாவது எபிசோட்ல அத்தைக்கு அனுப்பறா!

பழைய_அகராதி: அப்போ ரெண்டு இடத்துலயும் ஒரே சொல் வரட்டும். அவனுக்கு "லவ் யூ டா", அத்தைக்கு "லவ் யூ அத்தை". "ஐ" போனதுமே நம்ம பசங்களுக்கு எடை குறைஞ்சது தெரியும்.

தேக்கா_வாசி: எனக்கும் இதே தலைவலி, சீனத் தொடர்ல. அவன் "520" அனுப்பறான். வூ அர் லிங்னு படிச்சா வோ ஐ நி, அதாவது 'உன்னைக் காதலிக்கிறேன்' மாதிரி கேக்கும். அதனாலதான் மே 20 அங்கே காதலர் நாள் மாதிரி. "ஐ லவ் யூ"ன்னு போட்டுட்டேன்னா, அடுத்த காட்சில 5.20 யுவான் அனுப்பறது ஏன்னு யாருக்குப் புரியும்?

பழைய_அகராதி: உங்க கதை வேற. அங்கே எண்ணை அப்படியே விட்டு, பக்கத்துல "ஐ லவ் யூ"ன்னு சேருங்க. இங்கே tqm-ஐ அப்படியே விட்டா தமிழ் ஆளுக்கு ஒண்ணும் கேக்காது.

மஞ்சள்_குடை: "லவ் யூ டா" ஒத்துக்க மாட்டேன். காதலிக்கிற பொண்ணு 'டா' போட்டா அது நெருக்கம், அவன் துள்ளிக் குதிப்பான். "ரொம்பப் பிடிக்கும்" போடுங்க. "ரொம்பப் பிடிக்கும் அத்தை"யும் பொருந்தும்.

நள்ளிரவு_வசனம்: அது நல்லா உக்காருது. ஆனா "மூணே எழுத்து"?

மஞ்சள்_குடை: எழுத்தை எண்ணாதீங்க. அவன் புலம்பல், அவ முழுசா எழுதக்கூட மெனக்கெடலங்கறதுதான். "அதைக்கூட முழுசா எழுதல"ன்னு வைங்க. பதிலையும் "ரொம்ப பிடிக்கும்"னு ஒற்று இல்லாம, புள்ளி இல்லாம விடுங்க, அவசரத்துல தட்டின மாதிரி.

பழைய_அகராதி: புலம்பல் வரி அருமை. ஒற்றை எடுக்கறது மட்டும் வேண்டாம், சரிபார்க்கறவர் பிழைன்னு திருத்திடுவார். "பிடிக்கும்" எனக்கு இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாத்தான் தெரியுது. அவ அவனை வெறுக்கல, பாசம் இருக்கு.

நள்ளிரவு_வசனம்: "அதைக்கூட முழுசா எழுதல" எடுத்துக்கறேன். tqm-க்கு ரெண்டையும் எழுதி, காட்சியோட ஓட்டிப் பார்த்துட்டு வர்றேன்.