கிணத்துப் பக்கம் சாஞ்ச வேம்பு: அடிமரம் எத்தினை கிலோ வரும்?

விசுவமடுவிலிருந்து
எங்கட வளவுக் கிணத்துக்கு மேலாலை ஒரு வேம்பு சாஞ்சு நிக்குது. வேர் கிணத்துக்கட்டை வெடிக்கப் பண்ணிப்போட்டுது. கொப்பெல்லாம் தறிச்சாச்சு, அடிமரம் மட்டும் மிச்சம். விழுத்தினால் கிணத்துக்குள்ளதான் போகும். அதாலை இரும்புப் பைப் முக்காலி நட்டு, 1 தொன் செயின் புளொக்கிலை பிடிச்சுக்கொண்டு அறுக்க யோசிக்கிறம். நெஞ்சு மட்டத்திலை சுற்றளவு 6 அடி 3 அங்குலம், நடுவிலை 6 அடி. கவர் வரைக்கும் 13 அடி. மரக்காலைக் கணக்கிலை 29 கன அடி சொச்சம் வந்தது. காய்ஞ்ச வேம்பு கன அடிக்கு 20 கிலோ எண்டு தச்சுவேலை செய்யிற ஐயா சொன்னவர். அப்ப 585 கிலோ. புளொக் தாங்கும்தானே?

மரக்காலைக்காரன்
கணக்குச் சரி தம்பி. சுற்றளவிலை கால்வாசி, அதைத் திருப்பி அதாலையே பெருக்கி, நீளத்தாலை பெருக்கிறது. நாங்கள் காலங்காலமா இப்பிடித்தான் வாங்குறம். ஆனா உங்கட பக்கத்து மரமெண்டா ஷெல் துண்டு இருக்கோ எண்டு பாக்காமல் விலை சொல்லமாட்டம். பட்டையிலை பழைய காயம், கறுத்த கோடு ஏதும் கிடக்கோ?

விசுவமடுவிலிருந்து
விக்கிறதுக்கில்லை அண்ணை, தூக்கிறதுக்குத்தான் கேக்கிறன்.

ஒட்டுசுட்டான் பழைய லொறிக்காரர்
தம்பி, அந்த 585-ஐ நம்பி முக்காலிக்குக் கீழ ஆரையும் விடாதேங்கோ. ரெண்டு இடத்திலை குறைச்சுப் போட்டியள், ரெண்டும் ஒரே பக்கமா இழுக்குது.

ஒண்டு, மரக்காலைக் கணக்கு. 6 ஐ 6 ஆலை பெருக்கி 13 ஆலை பெருக்கினா 468. சுற்றளவிலை நாலிலை ஒண்டு எடுத்துப் பெருக்கிறதெண்டா அதை 16 ஆலை வகுக்கிறது மாதிரி. உருண்டை மரத்தின்ர உண்மையான அளவுக்கு 12.57 ஆலை வகுக்கவேணும். அப்ப 37.2 கன அடி. சக்கையும் சிராம்பும் கழிச்சு வாங்கிறதுக்கு அந்தக் கணக்கு நல்லது. ஆனா சக்கைக்கும் பாரம் இருக்கு.

மற்றது, நீங்கள் போட்டது காய்ஞ்ச மரத்தின்ர நிறை. நிக்கிற மரம் முழுக்கத் தண்ணி. தறிச்ச கொப்பிலை ஒரு துண்டை வாளித் தண்ணிக்குள்ள போட்டுப் பாருங்கோ. தாண்டால் கன அடிக்கு 28 கிலோவுக்கு மேலைதான்.

மாங்குளம் மாணவன்
மரம் மேலை போகப் போக ஒடுங்கும், அதாலை வாற அளவை 0.7 ஆலை பெருக்கவேணும் எண்டு படிச்சனான். அப்ப 26 கன அடிதானே?

ஒட்டுசுட்டான் பழைய லொறிக்காரர்
ஒடுங்கிறது உண்மைதான் தம்பி. நெஞ்சு மட்டச் சுற்றளவையும் நுனி வரைக்குமான உயரத்தையும் வச்சுப் பாக்கேக்கைதான் அப்பிடிக் குறைக்கிறது. இவர் கவர் வரைக்கும்தான் எடுத்திருக்கிறார், நடுச் சுற்றளவும் எடுத்திட்டார். ஒடுக்கம் அதுக்குள்ளையே வந்திட்டுது. திரும்பக் குறைச்சா ஒருக்காக் குறைச்சதை ரெண்டாந்தரமும் குறைக்கிற மாதிரி.

விசுவமடுத் தம்பி, 13 அடி மரத்தோட அணைச்சு அளந்ததோ, நிலத்திலையிருந்து நேர எடுத்த உயரமோ? சாஞ்ச மரத்துக்கு நேர் உயரம் குறைச்சுக் காட்டும்.

முழங்காவில் அக்கா
எங்கட வடலி வளவிலை ஒரு பனை விழப் பாக்குது. அதுக்கும் இந்தக் கணக்குச் சரிவருமோ?

ஒட்டுசுட்டான் பழைய லொறிக்காரர்
அளவு சரிவரும் அக்கா, நிறைதான் சிக்கல். பனை வெளியிலை வயிரம், உள்ள சோத்தி. வெளித்துண்டை நிறுத்தா முழுமரத்துக்கும் கூடச் சொல்லும்.

விசுவமடுவிலிருந்து
கம்பை மரத்தோட அணைச்சுத்தான் அளந்தனான். கைமொத்தக் கொப்பிலை ஒரு அடித் துண்டு வெட்டி, கடைத் தராசிலை வச்சா 1 கிலோ 470 கிராம். விளிம்பு வரை நிரப்பின வாளியைத் தாச்சிக்குள்ள வச்சுத் துண்டை அமத்த, வழிஞ்ச தண்ணி 1.4 லீற்றர். கையை எடுக்க மெல்ல மெல்லத் தாண்டு அடியிலை போய்ப் படுத்திட்டுது. கன அடிக்குக் கிட்டத்தட்ட 30 கிலோ.

ஒட்டுசுட்டான் பழைய லொறிக்காரர்
கொப்பும் அடிமரமும் ஒண்டில்லை, அதாலை 31 எண்டு எடுங்கோ. 37.2 ஐ 31 ஆலை பெருக்க 1,150 கிலோ. நீங்கள் நினைச்சதிலை ரெண்டு மடங்கு, 1 தொன் புளொக்குக்கும் மேலை. அதோட இது அசையாமல் தொங்கிற பாரம் மட்டும்தான். அறுத்து முடியேக்கை மரம் ஒரு சாண் விழுந்து சங்கிலியிலை வெட்டினால், இதிலை எத்தினையோ மடங்கு இழுக்கும். சங்கிலியை முதலே இறுக்கிப்போட்டு அறுங்கோ.

விசுவமடுவிலிருந்து
அப்ப ரெண்டாப் பிரிக்கிறம், ஆறரை ஆறரை அடியா. மேல் துண்டின்ர நடுச் சுற்றளவு ஐந்தரை அடி, 485 கிலோ வருது. கீழ்த்துண்டு ஆறரை அடிச் சுற்று, 677. ஆனா இடுப்பு மட்டத்திலை கோடாலிப் பின்பக்கத்தாலை தட்டினா மந்தமாக் கேக்குது. பொந்தெண்டா நிறை குறையும்தானே?

ஒட்டுசுட்டான் பழைய லொறிக்காரர்
குறையும், ஆனா அதைக் கழிக்காதேங்கோ. ஒரு அடி அகலப் பொந்து அடியிலையிருந்து நுனி வரைக்கும் போனாத்தான் கால்வாசி குறையும், அவ்வளவு நீளத்துக்குப் போகுதோ எண்டு வெளியிலையிருந்து ஆருக்கும் தெரியாது. எனக்குப் பயம் நிறையிலை இல்லை. பொந்திருக்கிற இடத்திலை வாள் இறங்கேக்கை மரம் சொல்லாமல் வெடிக்கும். சங்கிலிக் கட்டையும் அதுக்கு மேலை போடுங்கோ.

மரக்காலைக்காரன்
வெடிச்ச கிணத்துக்கட்டுக்குப் பக்கத்திலை முக்காலிக் கால் ஊண்டினா நிலம் தாங்குமோ? எனக்கெண்டா ஜேசிபி பிடிக்கிறதுதான் சரியெண்டு படுது.

விசுவமடுவிலிருந்து
ஜேசிபி வாற அளவுக்கு வேலிப்பக்கம் பாதை இல்லை அண்ணை. காலுக்குக் கீழ தண்டவாளச் சிலிப்பர்க் கட்டை போடலாமெண்டு இருக்கிறம், போதுமோ தெரியேல்லை. ஞாயிறு மேல் துண்டை மட்டும் இறக்கிறம். வெட்டுமுகத்தின்ர படத்தை இதிலையே போடுறன், பாத்துச் சொல்லுங்கோ.