புதுப்பிப்பு: புள்ளித்தாளில் 5 மி.மீ. ஏன் 5 மி.மீ. ஆக வரவில்லை

போன வாரம் நான் இங்கே கேட்டது: "ஏ5 அளவில் 5 மி.மீ. இடைவெளிப் புள்ளித்தாள் பிடிஎஃப் செய்தேன். அச்செடுத்தால் 40 கட்டம் 20 செ.மீ. வரவில்லை, 19.2 தான் வருகிறது. ஏன்?"

ஒருவர் "Fit to page-ஐ எடுத்துவிட்டு Actual size வையுங்க" என்றார். மல்லேஸ்வரத்தில் நான் அச்செடுக்கும் கடை அண்ணாவிடம் சொல்லி மாற்றினேன். 19.2 இப்போது 19.75 ஆனது. பாதி சரி.

மீதியைக் கண்டுபிடித்தது எதிர் வீட்டு அக்கா. அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர். பிடிஎஃப் செய்ய நான் எழுதிய நிரலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். பிடிஎஃப் அளப்பது பாயின்ட்டில், ஒரு அங்குலத்துக்கு 72. 5 மி.மீ.க்கு வர வேண்டியது:

```
5 * 72 / 25.4 = 14.173
```

நானோ 14 என்று முழு எண்ணாக்கியிருந்தேன். ஒரு கட்டத்தில் 0.06 மி.மீ. தான் குறைகிறது, கண்ணுக்குத் தெரியாது. 40 கட்டம் சேர்ந்தால் சுமார் 2.4 மி.மீ. போய்விடுகிறது! தசமத்தை அப்படியே விட்டதும் அளவுகோலில் 20 செ.மீ. சரியாக வந்தது. அதனால் ஒரு கட்டத்தை அளக்காதீர்கள், நாற்பதை அளங்கள்.

"என் ஜெல் பேனா மை பின்பக்கம் தெரியுதே" என்று கேட்டவருக்கு: அது தாளின் கனம், கோப்பு அல்ல.

இருபக்க அச்சில் முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் இன்னும் ஒரு மி.மீ. விலகல். தாள் உள்ளே நகர்வதால் என்கிறார் அக்கா. கடை அண்ணா ஒப்புக்கொள்ளவில்லை.