புதுப்பிப்பு: ஆர்டர் முதல் பணம் வரை, ஸ்விம்லேன் வரைபடத்தில் தாமதம் எங்கே?

முன்பு கேட்டது: "சரக்கு இறங்கிய பிறகும் பில் போக நாலு நாள் ஆகிறது. ஒவ்வொரு பிரிவின் வேலையையும் தனித்தனிப் பாதையில் காட்டும் ஸ்விம்லேன் வரைபடத்தில் பெட்டிகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. எங்கே தேங்குகிறது?"

கிடங்கிலிருந்து பில்லிங்குக்குப் போகும் அம்புக்குறியில்தான். ஒவ்வொரு அம்பின்மேலும் எந்தத் தாள் கைமாறுகிறது, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று எழுதச் சொன்னவருக்கு நன்றி, அதுதான் வழி காட்டியது. பில் போட வாடிக்கையாளர் கையெழுத்திட்ட டெலிவரி சலான் வேண்டும். செவ்வாய் சரக்கு இறங்கியது, புதன் சலானோடு வண்டி திரும்பியது. கிடங்கில் சலான்களைச் சேர்த்துவைத்து வெள்ளிக்கிழமை மொத்தமாக அனுப்புகிறார்கள், சனிக்கிழமை பில். பில் போடும் வேலையோ பத்தே நிமிடம்.

பாதைகளைக் குறைக்கச் சொன்னவர் பாதி சரி. ஆளுக்கொரு பாதை வேண்டாம், பொறுப்புக்கு ஒன்று போதும். ஆனால் போக்குவரத்தைக் கிடங்கோடு சேர்த்தால் சலான் யார் கையில் நிற்கிறது என்பதே மறைந்துவிடும். அதற்குத் தனிப் பாதை போட்டாயிற்று.

"எங்கள் சேவைத் தொழிலில் சலானே கிடையாதே" என்றவருக்கு: வேலை முடிந்ததற்கான ஒப்புதல் மெயிலை அந்த அம்பில் வையுங்கள்.

டிரைவர் அனுப்பும் சலான் போட்டோவை வைத்து பில் போடலாமா? அசல் தாள்தான் வேண்டும் என்கிறது கணக்குப் பிரிவு. பேச்சு நடக்கிறது.