எஃகு உருண்டை மிதக்குமா? நிறை, கன அளவு அட்டவணையோடு நமக்கு நேர்ந்தவை

மணல்கடிகாரம்
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். அடர்த்திப் பாடத்துக்கு நான் வழக்கமாகக் கொடுக்கும் அட்டவணை இது. கேள்வி ஒன்றுதான்: எது மிதக்கும், எது மூழ்கும்?

| பொருள் | நிறை (கிராம்) | கன அளவு (கன செ.மீ.) |
|---|---|---|
| மெழுகுக் கட்டி | 540 | 600 |
| அலுமினியத் துண்டு | 81 | 30 |
| பிளாஸ்டிக் கட்டை | 202 | 200 |
| உள்ளீடற்ற எஃகு உருண்டை | 390 | 50 (உலோகம் மட்டும்) |

கீழே ஒரு வரி: உருண்டையின் வெளிக் கன அளவு 500 கன செ.மீ.

முதல் இரண்டில் யாருக்கும் சிக்கல் வராது. மெழுகின் அடர்த்தி 0.9, தண்ணீரின் 1-ஐவிடக் குறைவு, மிதக்கும். அலுமினியம் 2.7, மூழ்கும். மெழுகு அலுமினியத்தைவிட ஆறு மடங்குக்கு மேல் கனமாக இருந்தும் மிதப்பதைப் பார்த்து ஒரு நிமிடம் யோசிப்பார்கள், அவ்வளவுதான். எஃகு உருண்டைக்கு வந்ததும் பாதி வகுப்பு 390-ஐ 50-ஆல் வகுத்து 7.8 என்று எழுதி, 'மூழ்கும்' என்று முடித்துவிடும். வகுத்ததில் பிழையே இல்லை. அது எஃகின் அடர்த்தி, உருண்டையின் அடர்த்தி இல்லை. தண்ணீர் உலோகத்தின் கன அளவைப் பார்ப்பதில்லை, தன் இடத்தை எவ்வளவு பிடித்துக்கொண்டது என்று மட்டும்தான் பார்க்கிறது. அதனால் 390-ஐ 500-ஆல் வகுக்க வேண்டும். 0.78. மிதக்கும். 390 கன செ.மீ. தண்ணீருக்குள், 110 வெளியே.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லித் தருகிறேன். உள்ளீடற்ற பொருளுக்கு விடை அந்த உலோகத்தின் பழகிய அடர்த்தியாகவே வந்து நின்றால், நீங்கள் வகுத்த கன அளவு உலோகத்துடையது. மறுபடி அட்டவணையைப் பாருங்கள்.

உங்களுக்கு இப்படி நேர்ந்ததையும் எழுதுங்களேன்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா
அந்த உருண்டையில் ஓட்டை விழுந்தால் உடனே மூழ்கிவிடுமா சார்? என் மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மணல்கடிகாரம்
நல்ல கேள்வி. உடனே மூழ்காது. உருண்டையின் மொத்த நிறை 500 கிராமைத் தொடும் வரை மிதக்கும். ஏற்கெனவே 390 இருக்கிறது, அதனால் 110 கிராம் தண்ணீர் உள்ளே போகலாம். அதற்கு மேல் ஒரு சொட்டு போனாலும் இறங்கத் தொடங்கும். உள்ளே 450 கன செ.மீ. இடம் இருக்கிறது, ஆனால் அதில் கால்வாசிகூட நிரம்ப வேண்டியதில்லை. வெளியே தெரிந்த அந்த 110-தான் இங்கேயும் விடை என்று மகளிடம் காட்டுங்கள்.

நீலவானம்
இதில் அழுத்தத்தையும் சேர்க்கணும்னு நினைக்கிறேன். ஆழம் போகப் போக அழுத்தம் கூடும். அப்போ மேலே தள்ளுற விசையும் கூடும்தானே? பந்தைத் தண்ணிக்குள்ள அழுத்திப் பார்த்திருக்கேன், அழுத்த அழுத்தக் கையைக் கடுமையா எதிர்க்கும். அப்படின்னா 1.01 பிளாஸ்டிக் கட்டைகூட ஏதோ ஒரு ஆழத்துல போய் நின்னுடணும்.

ஆய்வகத்தோழர்
முதல் பாதி சரி. அழுத்தம் ஆழத்தோடு கூடுகிறது, p = hρg. ஆனால் அது பொருளின் அடியில் மட்டும் கூடுவதில்லை, தலையிலும் அதே அளவு கூடுகிறது.

10 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்முகம் 20 செ.மீ. ஆழத்தில் இருந்தால் தண்ணீரால் அங்கே 1960 பாஸ்கல், கீழ்முகத்தில் 2940. வித்தியாசம் 980. இப்போது மேல்முகத்தை 2 மீட்டருக்கு இறக்குங்கள். மேலே 19,600, கீழே 20,580. வித்தியாசம் அதே 980. முகத்தின் பரப்பு 0.01 சதுர மீட்டர், பெருக்கினால் 9.8 நியூட்டன். எந்த ஆழத்திலும் இதுதான். 1 லிட்டர் தண்ணீரின் எடையும் 9.8 நியூட்டன், கனசதுரத்தின் கன அளவும் 1 லிட்டர். அட்டவணையில் அடர்த்தியைத் தண்ணீரோடு ஒப்பிட்டு முடிவு சொல்ல முடிவதே இதனால்தான்.

உங்கள் பந்து கடுமையாக எதிர்த்தது அது முழுதும் முங்கும் வரை. முங்கிய பிறகு அந்த எதிர்ப்பு மேலும் ஏறாது. ஆகவே 1.01 கட்டை நன்னீரில் தரை தொடும் வரை இறங்கிக்கொண்டே போகும், மெதுவாக.

நீலவானம்
பந்து விஷயம் புரிஞ்சுது. ஆனா டைவிங் போற நண்பன் வேற மாதிரி சொல்றான். ரப்பர் நுரை உடையோட ஆழத்துக்குப் போனா மிதப்பு குறையுதாம்.

ஆய்வகத்தோழர்
அவர் சொல்வது உண்மை. நுரைக்குள் வாயுக் குமிழிகள் இருக்கின்றன. அழுத்தத்தில் அவை சுருங்கி உடையின் கன அளவு குறைகிறது. நிறை மாறாமல் கன அளவு குறைந்தால் அடர்த்தி ஏறும். அட்டவணையில் இருக்கும் கன அளவு மேற்பரப்பில் அளந்தது. மெழுகுக்கும் எஃகுக்கும் அதை அப்படியே நம்பலாம், நுரைக்கு நம்ப முடியாது.

மழைத்தூறல்
எனக்கு நேர்ந்தது கொஞ்சம் வேறு. வகுப்பில் நுரைக்கல்லை வைத்துச் செய்து காட்டினோம். முதலில் அழகாக மிதந்தது. 'அடர்த்தி 1-க்குக் கீழே' என்று பலகையில் எழுதிவிட்டு, மறுநாள் காலை வந்து பார்த்தால் கல் தொட்டியின் அடியில் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரே பரபரப்பு. துளைகளில் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது. கல்லை எடுத்து மேலே துடைத்துத் தராசில் வைத்தோம், முந்தின நாளைவிட நிறை கூடியிருந்தது. வெளி அளவில் மாற்றமே இல்லை. ஓட்டை விழுந்த எஃகு உருண்டை கணக்குதான் இது, நடக்க ஒரு இரவு எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. அதன் பிறகு துளையுள்ள பொருளை அட்டவணையில் சேர்த்தால் 'உலர்ந்த நிலையில்' என்று எழுதிவிடுகிறேன்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா
பிளாஸ்டிக் கட்டைக்கு வருகிறேன். மகனுக்குப் பள்ளித் தேர்வில் இதே மாதிரி 1.01 வந்தது. அவன் 'எந்தத் திரவம் என்று சொல்லவில்லை, கடல்நீரில் மிதக்கும், நன்னீரில் மூழ்கும்' என்று எழுதினான். மதிப்பெண் கிடைக்கவில்லை. 'மூழ்கும்' என்பது மட்டும்தான் விடையாம். பிள்ளை அழுதுவிட்டான்.

மணல்கடிகாரம்
நான் திருத்தியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். கடல்நீர் ஏறக்குறைய 1.025, கட்டை 1.01. அவன் சொன்னது இரண்டுமே சரி.

மழைத்தூறல்
எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திரவம் சொல்லாவிட்டால் தண்ணீர் என்பது பாடத்தில் உள்ள வழக்கம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு திரவத்தை எடுத்துக்கொண்டால் ஒரே தாளை எப்படித் திருத்துவது?

ஆய்வகத்தோழர்
திரவத்தை விடுங்கள், நான் கன அளவைச் சந்தேகப்படுவேன். 200 என்பதை அளவு ஜாடியில் படித்திருந்தால் 2 கன செ.மீ. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போயிருக்கலாம். 202-ஐ 198-ஆல் வகுத்தால் 1.02, 202-ஆல் வகுத்தால் சரியாக 1. இவ்வளவு நெருக்கமான பொருளுக்கு அட்டவணை முடிவு சொல்லாது, தண்ணீரில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மெழுகுக்கும் அலுமினியத்துக்கும் இந்தக் கவலை தேவையில்லை, 2 கன செ.மீ. பிசகினாலும் அங்கே முடிவு மாறாது.

நீலவானம்
சரியா 1.000 வந்தா? நடுவுல தொங்குமா?

ஆய்வகத்தோழர்
4 டிகிரி செல்சியஸில் தண்ணீரும் 1.000, அங்கே நீங்கள் சொல்வது போல நிற்கலாம். 25 டிகிரியில் தண்ணீர் 0.997-க்கு வந்துவிடும். பொருள் மெல்ல இறங்கும்.

மழைத்தூறல்
அப்படிப் பார்த்தால் வினாத்தாளில் வெப்பநிலையையும் அச்சடிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு அது தேவையா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம்தான்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா
வெப்பநிலை வேண்டாம் டீச்சர். 'நன்னீரில்' என்ற ஒரு சொல் போட்டிருந்தால் போதும், அவனுக்கு அந்த மதிப்பெண் போயிருக்காது.