நோ ட்ரம்ப் தற்காப்பு: இரண்டாம் கையில் கிங்கை உடனே போட வேண்டுமா?

கவிதா:
வணக்கம். ஒரு பிரிட்ஜ் ஆட்டத்தில் எனக்கும் என் பார்ட்னருக்கும் கருத்து ஒத்துவரவில்லை. நான் கிழக்கு. தெற்கு 15 முதல் 17 பாயிண்ட் என்று ஒன் நோ ட்ரம்ப் சொன்னார். வடக்கு டூ கிளப் கேட்டார், தெற்கு டூ டைமண்ட், வடக்கு த்ரீ நோ ட்ரம்ப். அதோடு ஏலம் முடிந்தது.

பார்ட்னர் லீட் செய்தது ஸ்பேட் 5. எங்கள் வழக்கப்படி அது நான்காவது பெரிய சீட்டு.

டம்மி (வடக்கு):
ஸ்பேட் 7, 4
ஹார்ட் ஏஸ், க்வீன், 8, 2
டைமண்ட் 8, 6, 5
கிளப் கிங், க்வீன், 7, 2

என் கை (கிழக்கு):
ஸ்பேட் 10, 9, 2
ஹார்ட் ஜாக், 10, 9, 5
டைமண்ட் கிங், 4
கிளப் ஜாக், 10, 8, 3

டம்மி 4 போட, நான் 9 போட்டேன், தெற்கு கிங்கால் எடுத்தார். அடுத்து கையிலிருந்து ஹார்ட் 3 ஆடி, டம்மியில் ஏஸைப் போட்டார். பிறகு டம்மியிலிருந்து டைமண்ட் 5. இரண்டாம் கை சின்னது என்ற விதிப்படி நான் 4 போட்டேன். தெற்கு போட்ட க்வீனைப் பார்ட்னர் ஏஸால் எடுத்தார். கடைசியில் தெற்குக்குப் பத்து ட்ரிக். "அங்கே கிங்கைப் போட்டிருந்தால் டவுன்" என்கிறார் பார்ட்னர். டம்மியில் சின்ன சீட்டு வரும்போது கிங்கைத் தூக்கிப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. யார் சொல்வது சரி?

செல்வம்:
நீங்கள் ஆடியதுதான் சரி. இரண்டாம் கைக்குப் பின்னால் பார்ட்னர் இன்னும் ஆட வேண்டியிருக்கிறது, அவர் பார்த்துக்கொள்வார். ஆனர் என்பது எதிராளியின் ஆனரைப் பிடிப்பதற்காக இருப்பது. 5-க்கு மேல் கிங்கைப் போட்டால் அது பிடிப்பது ஒரு 5-ஐ மட்டும். தெற்கிடம் ஏஸ் இருந்தால் கிங் வீணாகிவிடும். இந்த விதிக்கு ஒரே விலக்கு, கிங்-க்வீன், க்வீன்-ஜாக் என்று அடுத்தடுத்து இரண்டு இருக்கும்போது ஒன்றைப் போடுவது. உங்களிடம் அப்படி இல்லை.

பாலு:
ஆனரை ஆனரால் மூட வேண்டும் என்று ஒரு விதி உண்டே, அது இங்கே வராதா? எனக்கு ஒரு தடவை டம்மியில் க்வீன், ஜாக், 9 இருந்தது. க்வீன் ஆடினார்கள், நான் கிங்கால் மூடினேன். அதற்கே திட்டு வாங்கினேன். டம்மியில் இரண்டு ஆனர் சேர்ந்திருந்தால் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைத்தான் மூட வேண்டுமாம்.

ராகவன்:
பாலு, உங்களுக்குச் சொன்னது சரிதான். ஆனால் கவிதாவின் கேள்வி வேறு. டம்மி ஆடியது 5, அங்கே மூட ஆனர் எதுவும் இல்லை.

கவிதா, உங்கள் பார்ட்னர் சொல்வது சரி. இங்கே டைமண்ட் கிங் எத்தனை ட்ரிக் எடுக்கும் என்பது கேள்வியே இல்லை. ஸ்பேட் சூட்டை உருவாக்கும் வேலையில் யாருடைய என்ட்ரி முதலில் செலவாகிறது என்பதுதான் கேள்வி.

நீங்கள் டைமண்ட் ஆடும் முன்பே என்னென்ன தெரிந்துகொண்டிருக்க முடியும் என்று பாருங்கள். லீட் 5 என்றால் பதினொன்றில் ஐந்து போக ஆறு. மேற்கைத் தவிர மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து 5-ஐ விடப் பெரிய ஸ்பேட் ஆறு இருக்கிறது. டம்மியில் 7 ஒன்று, உங்களிடம் 10, 9 இரண்டு. ஆக தெற்கிடம் மூன்று. நான்கு ஸ்பேட் இல்லை என்று ஏலத்தில் டூ டைமண்ட் சொல்லிவிட்டார். அப்படியானால் அந்த மூன்றும்தான் அவருடைய எல்லா ஸ்பேடும். காணாமல் போன 3 உங்கள் பார்ட்னரிடம்தான். அவரிடம் ஐந்து ஸ்பேட்.

பாயிண்ட்டுக்கு வருவோம். டம்மியில் 11, உங்களிடம் 5, தெற்கிடம் 15 முதல் 17. பார்ட்னருக்கு மீதி 7 முதல் 9. உங்கள் 9-ஐ எடுக்க தெற்கு கிங்கைப் போட வேண்டியிருந்தது, க்வீனோ ஜாக்கோ இருந்தால் அதிலேயே எடுத்திருப்பார். ஆக அவை இரண்டும் பார்ட்னரிடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஹார்ட்டில் க்வீனை வைத்து ஃபினெஸ் எடுக்காமல் நேராக ஏஸைப் போட்டார் என்றால் ஹார்ட் கிங் அவரிடமே இருக்க வேண்டும். ஸ்பேட் ஏஸ் தெற்கிடம் இருந்தால், பார்ட்னருக்குத் தேவையான மீதி 4 பாயிண்ட் ஒரு ஏஸிலிருந்துதான் வர முடியும். டைமண்ட் ஏஸ், இல்லாவிட்டால் கிளப் ஏஸ்.

டைமண்ட் ஏஸ் பார்ட்னரிடம் என்றால் கிங்கைப் போட்டே ஆக வேண்டும். கிளப் ஏஸ் என்றால் டைமண்ட் ஏஸ் தெற்கிடம். அப்போது உங்கள் கிங் இரண்டே சீட்டில் நிற்கிறது. செல்வம் பயப்படும் நிலை இதுதான். ஆனால் நீங்கள் 4 போட்டாலும் அடுத்த சுற்றில் அந்தக் கிங் ஏஸுக்கு அடியில் விழத்தான் போகிறது. முதல் சுற்றிலேயே போட்டால் புதிதாக எதையும் இழக்கவில்லை. ஸ்பேட் ஏஸே பார்ட்னரிடம் என்றாலோ, நீங்கள் கிங்கில் உள்ளே வந்து ஸ்பேட் ஆடியதும் சூட் முழுக்க ஓடும்.

மற்ற இரண்டு கைகள் என்ன என்று சொல்ல முடியுமா?

கவிதா:
ஆட்டம் முடிந்ததும் குறித்து வைத்தேன், சார்.

மேற்கு:
ஸ்பேட் க்வீன், ஜாக், 8, 5, 3
ஹார்ட் 6, 4
டைமண்ட் ஏஸ், 7, 3
கிளப் 9, 5, 4

தெற்கு:
ஸ்பேட் ஏஸ், கிங், 6
ஹார்ட் கிங், 7, 3
டைமண்ட் க்வீன், ஜாக், 10, 9, 2
கிளப் ஏஸ், 6

பார்ட்னர் டைமண்ட் ஏஸை எடுக்காமல் விட்டிருந்தால்? அப்போது அவருடைய என்ட்ரி பிழைத்திருக்குமே.

ராகவன்:
நல்ல கேள்வி. ஆனால் எண்ணிப் பாருங்கள். தெற்கிடம் ஸ்பேடில் இரண்டு, ஹார்ட்டில் மூன்று, கிளப்பில் மூன்று, மொத்தம் எட்டு ட்ரிக் கையில் இருக்கிறது. டைமண்டில் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பார்ட்னர் விட்டால் க்வீன் அந்த ஒன்பதாவது ட்ரிக்கை எடுத்துவிடும், அதற்கு மேல் அவர் டைமண்டைத் தொடவே வேண்டாம். அதனால் ஏஸைப் போடுவதைத் தவிர பார்ட்னருக்கு வழியில்லை.

போட்ட பிறகு நடந்தது என்னவென்றால், அவர் ஸ்பேட் க்வீன் ஆடியபோது தெற்கு 6-ஐப் போட்டு விட்டுக்கொடுத்திருப்பார். அடுத்து வந்த ஜாக்கை ஏஸால் எடுத்தார். அதோடு உங்களிடம் ஸ்பேடே இல்லை. பிறகு உங்கள் டைமண்ட் கிங்கில் நீங்கள் உள்ளே வந்தாலும் பார்ட்னரிடம் போய்ச் சேர வழியில்லை. அவரிடம் ஸ்பேட் 8-உம் 3-உம் எடுக்கத் தயாராகக் காத்திருந்தன, கடைசிவரை எடுக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தது மூன்றே ட்ரிக்.

இப்போது கிங்கைப் போட்டுப் பாருங்கள். பார்ட்னர் டைமண்ட் 3 போடுகிறார். நீங்கள் ஸ்பேட் 10 ஆடுகிறீர்கள். தெற்கு ஏஸால் எடுத்தால் பார்ட்னரிடம் க்வீன், ஜாக், 8 உருவாகிவிட்டன. டைமண்ட் ஏஸும் அவர் கையில் பத்திரமாக இருக்கிறது. ஒன்பதாவது ட்ரிக்குக்காகத் தெற்கு டைமண்ட் ஆடியே ஆக வேண்டும். ஆடியதும் ஏஸ், மூன்று ஸ்பேட், ஏற்கெனவே எடுத்த கிங், மொத்தம் ஐந்து. தெற்கு 10-ஐ விட்டுக்கொடுத்தாலும் நீங்கள் ஸ்பேட் 2-ஐத் தொடர்ந்து ஆடினால் அதே ஐந்துதான். ஒன்று டவுன்.

ஜமுனா:
முதல் ட்ரிக்கில் கவிதா 9 போட்டது எனக்குப் புரியவில்லை. மூன்றாம் கை பெரிசு என்றால் 10 அல்லவா போட வேண்டும்?

இதை வைத்தே என் ஆட்டம் ஒன்றையும் கேட்கிறேன். அதுவும் நோ ட்ரம்ப். பார்ட்னர் ஸ்பேட் 2 லீட், டம்மியில் க்வீன், 7, 4, என்னிடம் கிங், 10, 5. டம்மி 4 போட்டது, நான் கிங் போட்டேன், ஏஸ் எடுத்தது. பிறகு டம்மியின் க்வீன் ஒரு ட்ரிக் எடுத்தது. இது தவிர்க்க முடியாததா?

ராகவன்:
10-உம் 9-உம் வலிமையில் ஒன்றுதான், ஜமுனா. அப்படி இருக்கும்போது மூன்றாம் கையில் சின்னதைப் போட வேண்டும். 9-ஐ எடுக்கவே கிங் தேவைப்பட்டது என்பதைப் பார்த்து, 10-உம் தெற்கிடம் இல்லை என்று பார்ட்னர் ஊகிக்கலாம். 10 போட்டால் 9 உங்களிடம் கிடையாது என்று அவர் எடுத்துக்கொள்வார்.

உங்கள் ஆட்டத்தில் போட வேண்டியது 10. டம்மியில் கண்முன்னால் க்வீன் இருக்கிறது, அது இன்னும் ஆடப்படவில்லை. உங்கள் கிங் அதற்குப் பின்னால் காவல் நிற்கிறது, அதை எடுத்துவிட்டால் க்வீனைப் பிடிக்க ஆளில்லை. பார்ட்னரிடம் ஜாக் இருந்தால் 10-ஐ எடுக்கத் தெற்கு ஏஸைப் போட வேண்டும், பிறகு க்வீன் வரும்போது உங்கள் கிங் பிடிக்கும். ஒருவேளை தெற்கிடம் ஏஸும் ஜாக்கும் இருந்து 10-ஐ ஜாக்கால் எடுத்தால்கூட, கிங்கைப் போட்டிருந்தால் வந்திருக்கும் நிலையைவிட மோசமில்லை. டம்மியின் ஆனர் அப்படியே உட்கார்ந்திருந்தால் 'மூன்றாம் கை பெரிசு' என்பதை ஒருகணம் நிறுத்திவைத்து யோசியுங்கள்.

ஜமுனா:
10-க்குப் பதில் என்னிடம் 9 இருந்திருந்தால்?

ராகவன்:
அப்போதும் நான் பெரும்பாலும் 9 போடுவேன். ஆனால் 10 தெற்கிடம் இருந்தால் அவர் மலிவாக ஒரு ட்ரிக் எடுத்துவிடுவார். லீட் எப்படிப்பட்ட கையிலிருந்து வந்திருக்கும் என்பதைப் பொறுத்தது.

கவிதா:
கணக்கு புரிந்தது, சார். ஆனால் இத்தனையையும் டைமண்ட் 5 வந்த பிறகு உட்கார்ந்து யோசித்தால், என்னிடம் கிங் இருப்பது தெற்குக்குத் தெரிந்துவிடாதா?

ராகவன்:
தெரிந்துவிடும். அதனால்தான் முதல் ட்ரிக்கில், டம்மி கீழே இறங்கியதும் யோசித்து முடித்துவிட வேண்டும். பார்ட்னருக்கு ஐந்து ஸ்பேட் என்பது அப்போதே தெரியும். பாயிண்ட் கணக்கும் போட்டுவிடலாம். டைமண்டில் உங்களிடம் இரண்டே சீட்டு, டம்மியிலும் ஆனர் இல்லை, எனவே தெற்கு அந்தச் சூட்டை உங்கள் வழியாகத்தான் ஆடப் போகிறார் என்பதையும் எதிர்பார்க்கலாம். அவர் டம்மிக்குப் போய் 5-ஐ ஆடியதே உங்களைத் தூங்க வைத்துக் கடந்து போகத்தான்.

செல்வம்:
இந்த ஆட்டத்தில் கிங் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். கிங் இரண்டு சீட்டில் இருந்ததால் சேதமில்லை. கிங், 4, 3 என்று மூன்று இருந்திருந்தால்? ஏஸ்-க்வீன் தெற்கிடம் என்றால், ஃபினெஸைத் திரும்ப எடுக்க டம்மியில் என்ட்ரி இல்லாமல் போய் என் கிங் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஜோடிப் போட்டியில் ஒரு ஓவர்ட்ரிக் கொடுத்தாலே மதிப்பெண் சரிந்துவிடும். நான் 3-தான் போடுவேன்.

ராகவன்:
டம்மியில் என்ட்ரி குறைவாக இருந்தால் உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது, செல்வம். இந்த டம்மியில் ஹார்ட் க்வீன், கிளப் கிங், க்வீன் எல்லாம் மீதி இருக்கின்றன, கிங் தப்பிக்க இடம் குறைவு. டீம் போட்டியில் கான்ட்ராக்டை முறிப்பதுதான் முக்கியம், ஓவர்ட்ரிக் அல்ல. அங்கே மூன்று சீட்டிலும் கிங்கைத்தான் போடுவேன். ஜோடிப் போட்டியிலும் போடுவேன்.

செல்வம்:
ஜோடிப் போட்டியில் மட்டும் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மேற்குக்கு 7 பாயிண்ட் மட்டும் இருந்து, அந்த ஏஸ் கிளப்பில் என்றால் கணக்கு வேறு. அந்த நிலையை வைத்து நாளை ஒரு கை போட்டுக் காட்டுகிறேன்.